ஒன்றரை டின் உப்பு: ஒரு மாங்காய் ஊறுகாயின் கணக்கு

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் மூன்றாவது வரிசை வீட்டு அக்கா மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறார். பெரிய வியாபாரம் ஒன்றும் இல்லை. ஞாயிறு காலைச் சந்தையில் ஒரு மடக்கு மேசை, இருபது முப்பது போத்தல், அவ்வளவுதான். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லாம் பழைய ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். லயத்தில் இருந்த காலத்தில் அவருடைய அம்மா போட்ட ஊறுகாயைத் தின்று வளர்ந்தவர்கள். ருசி கொஞ்சம் மாறினாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள்.

போன மாங்காய் சீசனில் இரண்டு தடவை அப்படிச் சொன்னார்கள். முதல் தடவை, "உப்பு வாயில வைக்க முடியல." அடுத்த தடவை விற்பனைக்குப் போவதற்கு முன்பே ஊறுகாய் கெட்டுப்போனது. அக்கா என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். நான் ஈப்போவில் ரொட்டிக் கடையில் பல வருடம் மாவு பிசைந்தவன். வீட்டில் தராசு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அம்மா சொல்லச் சொல்ல அக்கா பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்த குறிப்பு இப்படி இருந்தது: "நறுக்கிய மாங்காய் 5 கட்டி. உப்பு ஒன்றரை டின்." மற்றவை மிளகாய்த்தூள், வெந்தயம், மஞ்சள், நல்லெண்ணெய். கட்டி என்றால் பழைய நிறுவைக் கணக்கு. டின் என்றால் தகரப்பால் டின். தோட்டத்தில் அரிசி அளந்ததும் அதில்தான், சீனி அளந்ததும் அதில்தான். அந்த டின் இன்னும் அவர் வீட்டு அரிசி வாளிக்குள் கிடக்கிறது. குறிப்பில் என்ன உப்பு என்று எழுதவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கடையில் கோணியிலிருந்து அள்ளிக் கொடுத்தது கல்லுப்பு ஒன்றுதான், அதனால் எழுதத் தோன்றியிருக்காது.

நடந்தது சுலபமாகப் புரிகிற விஷயம். முதல் முறை கடையில் கல்லுப்பு தீர்ந்துபோயிருந்தது. அக்கா தூள் உப்பு வாங்கி, அதே ஒன்றரை டின்னைப் போட்டார். உப்புக் கரித்தது. வேலைக்குப் போகும் மகள் போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துவிட்டு, "தூள் உப்பு போட்டா பாதி போட்டா போதும்மா" என்றாள். இரண்டாவது முறை முக்கால் டின் தூள் உப்பு. பத்துப் பன்னிரண்டு நாளில் ஜாடிக்குள் குமிழி கிளம்பியது, மூடி உப்பியது, மேலே வெள்ளை ஆடை படர்ந்தது, துண்டுகள் கொழகொழவென்று ஆயின.

"அம்மா கணக்கு தப்பாது தம்பி. உப்புலதான் ஏதோ இருக்கு" என்றார் அக்கா.

உப்பில் ஒன்றும் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த கல்லுப்பும் தூள் உப்பும் ஏறக்குறைய ஒரே கரிப்புதான், இரண்டும் சோடியம் குளோரைடு. கல்லுப்புக்குக் கரிப்பு குறைவு, தூள் உப்புக்கு அதிகம் என்று பலர் சொல்வது கரண்டியில் அளந்து பார்த்த அனுபவம். கரண்டி இடத்தைத்தான் அளக்கிறது. அந்த இடத்துக்குள் எவ்வளவு உப்பு, எவ்வளவு காற்று என்பது அதற்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் இரண்டு பாக்கெட்டையும் என் சமையலறை மேசையில் வைத்து அளக்க ஆரம்பித்தோம். கல்லுப்பில் காராம் காசார் என்றும் தூள் உப்பில் காராம் ஹாலுஸ் என்றும் மலாயில் போட்டிருந்தது. முதலில் ஐந்து மில்லி தேக்கரண்டி. வீட்டுத் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும், ஒரு கரண்டி உப்பை அதில் வைத்தால் ஐந்தா ஆறா என்று அதுவே தடுமாறும். அதனால் பத்துக் கரண்டியை ஒரு கிண்ணத்தில் கொட்டி மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுத்தோம். ஒவ்வொரு கரண்டியையும் கத்தி முதுகால் வழித்துவிட்டோம்.

தூள் உப்பு பத்துக் கரண்டி 60 கிராம் வந்தது. இன்னொரு தடவை அளந்தோம், 61. ஆக, கரண்டிக்கு 6 கிராம். கல்லுப்பு பத்துக் கரண்டி 45 கிராம். திரும்ப அளந்தால் 43. மூன்றாவது தடவை 47. சராசரி 4.5 கிராம் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஊசலாட்டமே ஒரு சேதிதான். கல்லுப்பைக் கத்தியால் வழித்தால் ஒரு கல் தெறிக்கும், அது போன இடத்தில் பள்ளம் விழும். வழிக்காமல் விட்டால் ஒரு கல் கரண்டிக்கு மேலே கோபுரம்போல் நிற்கும். கல்லுப்பை 'தலை தட்டிய கரண்டி' என்று சொல்வதே கொஞ்சம் மனச்சமாதானத்துக்காகச் சொல்வதுதான்.

பாக்கெட் முக்கால்வாசி காலியானபின் அடியிலிருந்து பத்துக் கரண்டி எடுத்தேன். 53 கிராம். அதே உப்பு, அதே கரண்டி, அளந்ததும் அதே கைதான். மூட்டை தூக்கி இறக்கும்போது கற்கள் உரசிப் பொடிந்து, அந்தப் பொடி அடியில் தங்கிவிடுகிறது. பெரிய கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பொடி போய் உட்காருவதால் கரண்டி கனக்கிறது. பாக்கெட் தீரும் நேரத்தில் வைக்கிற ரசம் மட்டும் ஏன் உப்புக் கூடுகிறது என்று அக்காவுக்கு அன்றுதான் விளங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கல் பெரிதாக இருப்பதால் எடை குறைகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. ஒரு லாரி நிறைய கால்பந்து அடுக்கினாலும், ஒரு பெட்டி நிறைய கோலிக்குண்டு போட்டாலும், இடைவெளியின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையைக் குறைப்பவை வேறு மூன்று விஷயங்கள். கல்லுப்பின் ஒழுங்கில்லாத வடிவம் ஒன்று: கற்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், சரிந்து அமராது. நடுவில் நிரப்பப் பொடி இல்லாதது இரண்டாவது. மூன்றாவது, கரண்டியின் சுவர். கல்லின் அளவு மூன்று நான்கு மில்லிமீட்டர், கரண்டியின் ஆழமோ பத்து மில்லிமீட்டர் சொச்சம். ஓரத்தில் பாதிக் கல்லை வெட்டி வைக்க முடியாது, அங்கே வெற்றிடம்தான். பாத்திரம் பெரிதாக ஆக, இந்த ஓர நஷ்டத்தின் பங்கு குறையும்.

இடைவெளியே இல்லாத கெட்டி உப்புக்கட்டி ஒரு மில்லிக்கு 2.16 கிராம் இருக்கும். அப்படிப் பார்த்தால் தேக்கரண்டிக்குப் பதினோரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தூள் உப்பு 6 கிராம்தான் வந்தது, அதாவது கரண்டியில் பாதிக்குச் சற்று மேலே உப்பு, மிச்சம் காற்று. கல்லுப்பு கரண்டியில் உப்பு நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

சரி, இப்போது டின். டின் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்தோம். தண்ணீர் 385 கிராம், ஆக 385 மில்லி. தூள் உப்பு ஒரு டின் 478 கிராம். கல்லுப்பு ஒரு டின் 383 கிராம், மூன்று தடவை அளந்து எடுத்த சராசரி.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரண்டியில் தூள் உப்பு கல்லுப்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் கனக்கிறது. டின்னிலோ நாலில் ஒரு பங்குதான் அதிகம். நான் சொன்ன ஓர நஷ்டம் டின்னில் குறைந்துவிட்டது. ஆகவே 'கல்லுப்புக்குத் தூள் உப்பு இவ்வளவு' என்று ஒரே விகிதத்தை மனப்பாடம் செய்து எல்லாப் பாத்திரத்துக்கும் போட முடியாது. கரண்டிக்கு வந்த விகிதம் கரண்டிக்குத்தான்.

அப்புறம் ஈரம். பாக்கெட்டைப் பிரித்தபோதே கல்லுப்பு கையில் ஒட்டியது. சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிய ஆரம்பிக்கும். நம் ஊரில் மழை பெய்த ராத்திரியில் அதைத் தாண்டாமல் இருப்பதே அபூர்வம். உப்பளத்து உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டிருக்கும், அது அதற்கு வெகு முன்பே, முப்பது சொச்சத்திலேயே, ஈரத்தை இழுக்கும். அதனால் கல்லுப்பு எப்போதும் தூள் உப்பைவிட ஒரு படி நசநசப்பாகவே இருக்கும். தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கவென்று ஏதாவது கொஞ்சம் சேர்த்திருப்பார்கள்.

நூறு கிராம் கல்லுப்பை இரும்புச் சட்டியில் மிதமான தீயில் வறுத்தோம். படபடவென்று வெடித்தது. கல்லுக்குள்ளே அடைபட்டிருக்கும் உப்புநீர் சூட்டில் ஆவியாகிக் கல்லைப் பிளக்கிற சத்தம் அது, முகத்தை எட்ட வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் ஓய்ந்து, ஆறியபின் நிறுத்தால் 96 கிராம். திரும்ப வறுத்து நிறுத்தோம், எடை மாறவில்லை. அப்படியானால் அந்தப் பாக்கெட்டில் நூற்றுக்கு நாலு கிராம் தண்ணீர். அக்காவின் அம்மா ஊறுகாய்க்கு உப்பை வெயிலில் காயவைத்தாரா, வறுத்தாரா என்று கேட்டேன். வறுத்ததாக ஞாபகம் இல்லை, முறத்தில் காயவைத்ததுண்டு என்றார். அதோடு ஒன்று சொன்னார்:

"பால் நிறுக்கிற மாதிரிதானே இது. அம்மா வாளி வாளியா பால் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கிராணி அந்தக் குச்சியை விட்டுப் பாத்துத்தான் எழுதுவாரு. தண்ணிக்குக் காசு கிடையாது."

அதேதான். ரப்பர் பாலில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் ரப்பர் இருக்கும், கூலி காய்ந்த ரப்பருக்கே. உப்பையும் காய்ந்த எடையில்தான் எழுதி வைக்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி அம்மாவின் குறிப்பை எடைக்கு மாற்றலாம். ஒரு கட்டி 605 கிராம், ஐந்து கட்டி மூன்று கிலோவுக்கு ஒரு கைப்பிடி மேல், துல்லியமாகச் சொன்னால் 3024 கிராம். ஒன்றரை டின் கல்லுப்பு 575 கிராம், ஈரத்தைக் கழித்தால் 552 கிராம். மாங்காயின் எடையில் இது பதினெட்டுச் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

சதவீதம் என்று எழுதுவது ரொட்டிக் கடைப் பழக்கம். அங்கே மாவை நூறு என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் பங்காகச் சொல்வோம், உப்பு இரண்டு, தண்ணீர் அறுபது என்று. ஊறுகாயில் மாங்காயை நூறாக வைத்துக்கொண்டால் போதும். மரத்தில் காய் குறைந்து இரண்டே கிலோ கிடைத்தாலும் கணக்கு உடையாது. எந்தக் கடையில் எந்த உப்பு வாங்கினாலும் உடையாது.

இந்தக் கண்ணாடி வழியாகக் கெட்டுப்போன இரண்டு தடவையையும் பார்த்தோம். முதல் முறை ஒன்றரை டின் தூள் உப்பு, 717 கிராம், ஏறக்குறைய இருபத்துநாலு சதவீதம். நாக்கு எரிந்ததில் ஆச்சரியம் இல்லை. இரண்டாவது முறை முக்கால் டின், 359 கிராம், பன்னிரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் வெளியே வைக்கிற மாங்காய் ஊறுகாய்க்கு வழக்கமாகப் பதினைந்திலிருந்து இருபது சதவீதம் உப்புப் போடுவார்கள். பன்னிரண்டில் எல்லா ஊறுகாயும் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. காய் நல்ல புளிப்பாக இருந்து, மேலே இரண்டு விரல் எண்ணெய் நின்று, குளிர்ப்பெட்டியிலும் வைத்தால் தாங்கும். அக்கா எண்ணெயைக் கடைசியில் தாளித்து ஊற்றுகிறவர், அதற்கு முன் இரண்டு வாரம் உப்பிலேயே ஊறவிடுவார். அந்த இரண்டு வாரத்துக்குக் காவல் உப்பும் மாங்காய்ப் புளிப்பும் மட்டும்தான். உப்பு குறைந்ததும் துண்டுகளிலிருந்து தண்ணீரும் குறைவாகவே வெளியே வந்தது. மேல் வரிசைத் துண்டுகள் உப்புநீருக்கு வெளியே தலை நீட்டி நின்றன. ஆடை அங்கேதான் முதலில் படர்ந்திருந்தது.

அந்த ஜாடியை அப்படியே கொட்டச் சொன்னேன். மேலாடையை வழித்துவிட்டு அடியில் உள்ளதைக் காப்பாற்றலாமா என்று கேட்டார். துண்டே கொழகொழத்துப்போனபின் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

உப்புக் கரித்த முதல் ஜாடி கதை வேறு, அது கெடவில்லை. பாதி விற்றுப்போய்ப் பாதி மிச்சம் இருந்தது. அதில் மாங்காய் 1512 கிராமுக்கு உரியது, உப்பு 358 கிராம். அதே உப்பு பதினெட்டே கால் சதவீதமாக வேண்டுமானால் மாங்காய் மொத்தம் 1960 கிராம் இருக்க வேண்டும். ஆகவே உப்பே போடாத புது மாங்காய் 450 கிராம் நறுக்கிச் சேர்த்து, தினம் இரண்டு தடவை குலுக்கி, பத்து நாள் விட்டோம். பழைய துண்டிலிருந்து உப்பு புதுத் துண்டுக்கு ஏறியது. இந்தக் கணக்கு நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நடுவில் ஜாடியிலிருந்து உப்புநீரை யாரும் கொட்டியிருக்கக் கூடாது. கொட்டினால் உப்பும் அதோடு போய்விடும், எவ்வளவு போனது என்று பிறகு தெரியாது. அக்கா கொட்டவில்லை, நல்லவேளை.

மகள் சொன்ன 'பாதி' எங்கிருந்து வந்தது என்று தேடினேன், அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. வீடியோ அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே சமையலுக்குக் கோஷர் உப்பு என்று ஒன்று பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு வகை சீவல் சீவலாக, உள்ளே பொள்ளலாக இருக்கும், ஒரு தேக்கரண்டி மூன்று கிராமுக்கும் குறைவுதான். அதற்குப் பதிலாகத் தூள் உப்புப் போடுகிறவர்கள் பாதி போட்டால் சரி. அதே பெயரில் விற்கும் வேறொரு வகை தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் கிட்டே வரும். அதற்குப் 'பாதி' என்பதே தப்பு. நம் கல்லுப்பு இந்த இரண்டாவதுக்குத்தான் பக்கம். 'பெரிய உப்பு' என்ற ஒரே பெயருக்குக் கீழே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஓரிடத்து விதி இன்னோரிடத்தில் வேலை செய்யாது. அக்காவின் டின்னுக்கு, அந்தப் பாக்கெட்டுக்கு, சரியான விடை பாதியும் இல்லை. ஒன்றரை டின் கல்லுப்புக்கு 552 கிராம் தூள் உப்பு, டின்னில் ஒன்றும் ஆறில் ஒரு பங்கும். அதாவது கால்வாசியைவிடக் கொஞ்சம் குறைவாகக் கழிக்க வேண்டும். அவர் முதலில் ஒன்றும் கழிக்கவில்லை, பிறகு பாதியைக் கழித்தார்.

ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அம்மா டின்னைத் தலை தட்டினாரா, கும்பலாக விட்டாரா? கும்பலாக அள்ளி நிறுத்துப் பார்த்தேன், ஒரு டின் 430 கிராம்வரை போயிற்று. அப்படி என்றால் சதவீதம் இருபதைத் தாண்டிவிடும். அக்காவுக்கு நினைவில்லை. பழைய லயத்தில் அடுத்த கதவில் இருந்த ஆயா ஒருவர் இப்போது மகன் வீட்டில் இங்கேயே இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்டோம். "உங்கம்மாவா? உள்ளங்கையால வழிச்சு விடுவா. சிந்தினதை எடுத்துத் திரும்பக் கோணியில போடுவா" என்றார். உப்பைக்கூட எண்ணிச் செலவு செய்த காலம். தலை தட்டியதுதான் என்று முடிவு செய்தோம். ஆனாலும் அந்த நாளைய கோணி உப்பு இன்றைய பாக்கெட்டைவிட ஈரமாக இருந்திருக்கலாம், கல்லும் வேறு அளவாக இருந்திருக்கலாம். அதனால் பதினெட்டே கால் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், மூன்று சின்னப் போத்தலில் சோதனை வைத்தோம்.

ஒவ்வொன்றிலும் நறுக்கிய மாங்காய் 500 கிராம். காய் எல்லாம் ஒரே மரத்துக் காய், ஒரே நாளில் பறித்தது. முதல் போத்தலில் தூள் உப்பு 80 கிராம், இரண்டாவதில் 90, மூன்றாவதில் 100. பதினாறு, பதினெட்டு, இருபது சதவீதம். மசாலா மூன்றுக்கும் ஒன்றே. மூடியின் அடியில் பென்சிலால் குறி போட்டு, எது எதுவென்று அக்காவுக்குச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அக்கா, ஆயா, இன்னும் இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் சாதத்தோடு ருசி பார்த்தார்கள். மூன்று பேர் பதினெட்டைத் தொட்டார்கள். ஆயா மட்டும் இருபதைச் சொன்னார். வயதான நாக்கு உப்பைக் கூடத்தான் கேட்கும் என்று அக்கா என் காதில் சொன்னார். அவர் காதிலும் விழுந்துவிட்டது. பதினாறு கெடவில்லை, ஆனால் மற்ற இரண்டையும்விட மெதுவாகத் தண்ணீர் விட்டது, துண்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் ருசி பார்ப்பது ஏமாற்றும், கல்லுப்பில் இன்னும் மோசமாக. கல் கரைய நேரம் எடுக்கும், மாங்காயிலிருந்து தண்ணீர் வந்தால்தான் கரையவே ஆரம்பிக்கும். சாற்றைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் குறைவாகத் தெரியும், கை தானாக இன்னொரு பிடி போடும். நிறுத்துப் போட்ட உப்புக்கு ருசி பார்த்துக் கூட்டக் கூடாது. கல்லெல்லாம் கரைந்து, துண்டுக்குள்ளும் ஏறியபின் பார்த்தால் போதும்.

நோட்டில் இப்போது அக்காவின் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது: நறுக்கிக் கொட்டை நீக்கிய மாங்காய் ஒரு கிலோவுக்குத் தூள் உப்பு 180 கிராம், அல்லது வறுத்த கல்லுப்பு 180 கிராம். வறுக்காத கல்லுப்பு என்றால் அந்தப் பாக்கெட்டின் ஈரத்துக்கு 188 கிராம். நறுக்கியபின் நிறுக்க வேண்டும் என்பதை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார், முழுக் காயை நிறுத்தால் கொட்டை எடையும் சேர்ந்துவிடும்.

ஊறுகாய் முடிந்தது. அன்றாடக் குழம்புக்கு என்ன செய்வது என்று கேட்டார். குழம்புக்கு யாரும் தராசு எடுக்க மாட்டார்கள், நானும் எடுப்பதில்லை. சாம்பாரில் அரைக் கரண்டி கூடக் குறைய இருந்தால் உலகம் முடிந்துவிடாது, ருசி பார்த்துச் சரி செய்யலாம். புத்தகத்திலோ போனிலோ 'ஒரு தேக்கரண்டி உப்பு' என்று பார்த்துவிட்டுக் கையில் கல்லுப்பு இருந்தால், ஒன்றேகால் போட்டுப் பிறகு ருசி பார்க்கலாம். ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் வரைக்கும் எடை சரியாகத்தான் போகும்.

ருசி பார்க்க முடியாத இடத்தில்தான் சிக்கல். ரொட்டி மாவு, இட்லி மாவு, முறுக்கு மாவு. ரொட்டிக்கு 500 கிராம் மாவில் 10 கிராம் உப்பு, தூள் உப்பில் ஒன்றே முக்கால் கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அதே அளவைக் கல்லுப்பில் போட்டால் ஏழரை கிராம்தான் போகும். மாவு அவசரமாகப் பொங்கும், கையில் ஒட்டும், ரொட்டி வெளிறிச் சப்பென்று இருக்கும். போதாக்குறைக்குக் கரையாத கல் மாவில் ஒரு பக்கமாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படி ஒரு தட்டு ரொட்டியைக் கெடுத்திருக்கிறேன். கடித்தவருக்குக் கல் அகப்பட்டது.

இதற்குப் பழைய வழியே நல்ல வழி. நம் வீடுகளில் கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து, மண்ணை அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை ஊற்றுவார்கள் அல்லவா, அதையே எடையோடு செய்தால் போதும். வறுத்த கல்லுப்பு 250 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 750 கிராம். இரவில் போட்டுவிட்டால் காலையில் கரைந்திருக்கும். உப்புநீரின் மொத்த எடையில் இருபத்தாறு சதவீதம்வரைதான் உப்பு கரைந்து நிற்கும், இது இருபத்தைந்து, அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் கரையும். சூடாக்கினால் சீக்கிரம் கரையும், ஆனால் பெரிதாகக் கூடுதலாகப் பிடிக்காது. இந்தத் தண்ணீர் ஒரு தேக்கரண்டியில் ஒன்றரை கிராம் உப்பு இருக்கும். நாலு கரண்டி சேர்ந்தால் ஒரு கரண்டி தூள் உப்பு. தண்ணீராகிவிட்டபின் கல்லும் இல்லை, காற்றும் இல்லை, கரண்டி உண்மையைச் சொல்லும். மாவுக்கு ஊற்றும் தண்ணீரில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாங்காய் ஊறுகாய்க்கு இது ஆகாது, வெளித்தண்ணீர் சேர்ந்தால் உப்பின் வீரியம் குறைந்து திரும்பவும் பழைய கதைதான்.

தராசைப் பற்றியும் அக்காவிடம் ஒன்று சொல்லி வைத்தேன். மின்தராசில் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எண் அசையாது, நாம் போட்டுக்கொண்டே இருப்போம். கடைசியில் கிண்ணத்தை எடுத்துத் திரும்ப வைத்தால்தான் உண்மையான எடை காட்டும். உப்பைத் தனிக் கிண்ணத்தில் நிறுத்து, ஒரு தடவை தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மாங்காயில் கொட்டுவது நல்லது. மாங்காய் வாளியைத் தராசில் வைத்து நேராக உப்பைக் கொட்டினால் தவறிப்போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

போன வாரம் அக்கா வேறு கடையில் கல்லுப்பு வாங்கி வந்தார். கல் சின்னதாக இருந்தது. பத்துக் கரண்டி நிறுத்தார், 49 கிராம். வறுத்துப் பார்த்தார், நூற்றுக்கு இரண்டுதான் குறைந்தது. நோட்டில் 188-ஐ அடித்துவிட்டு 184 என்று எழுதினார். 180-ஐத் தொடவில்லை.